உயரத்துக்கு முடிவில்லை, பரப்பு மட்டும் 2

ஒரு வரைபடத் தாளில் y = 1/√x என்ற வளைவரையை 0-க்கும் 1-க்கும் நடுவே வரைந்து பாருங்கள். x = 1 என்ற இடத்தில் உயரம் 1. இடப்பக்கமாக நகர்ந்து x = 0.01-க்கு வந்தால் உயரம் 10. x = 0.0001-இல் 100. இன்னும் நகர்ந்தால் ஆயிரம், பத்தாயிரம் என்று கோடு தாளை விட்டே வெளியேறிவிடும். x = 0-இல் இந்தச் சார்புக்கு மதிப்பே கிடையாது. ஆனாலும் வளைவரைக்கும் x அச்சுக்கும் நடுவே 0 முதல் 1 வரை உள்ள பரப்பு எவ்வளவு என்று கேட்டால், விடை 2.

வகுப்பில் இதைச் சொன்னதும் மாணவர்கள் இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம், "உயரம் முடிவிலி ஆகிறதே சார், அப்போ பரப்பும் முடிவிலிதானே?" என்பவர்கள். இன்னொரு பக்கம், எதையும் யோசிக்காமல் 2√x என்று தொகையிட்டு, 1-ஐயும் 0-வையும் பிரதியிட்டு, 2 என்று எழுதிவிடுபவர்கள். இரண்டாவது கூட்டத்தாரின் விடை சரி. ஆனால் முதல் கூட்டத்தாரின் கேள்விதான் நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் 2 என்று எழுதினால், அடுத்த கணக்கில் 1/x² வரும்போது கட்டாயம் தடுமாற வேண்டியிருக்கும்.

பரப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். நம் பழைய பின்னப் பெயர்கள் இங்கே அழகாகப் பொருந்துகின்றன: கால் என்பது 1/4, வீசம் என்பது 1/16, கால் வீசம் என்பது 1/64. ஒவ்வொன்றும் முந்தையதில் கால் பங்கு. முதல் துண்டு 1-இலிருந்து கால் வரை, இரண்டாவது காலிலிருந்து வீசம் வரை, மூன்றாவது வீசத்திலிருந்து கால் வீசம் வரை. இப்படியே பூஜ்ஜியத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். எந்தத் துண்டுமே பூஜ்ஜியத்தைத் தொடாது என்பதால், ஒவ்வொன்றின் பரப்பையும் வழக்கமான முறையில் தயக்கமின்றிக் கணக்கிடலாம்.

1/√x-இன் தொகை 2√x. முதல் துண்டின் பரப்பு 2(1 − 1/2) = 1. இரண்டாவது 2(1/2 − 1/4) = 1/2. மூன்றாவது 2(1/4 − 1/8) = 1/4. அடுத்தது 1/8. எல்லாவற்றையும் கூட்டினால் 1 + 1/2 + 1/4 + 1/8 + … இந்தப் பெருக்குத்தொடரின் கூடுதல் 2. உயரம் எகிறுவது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் உயரம் இரண்டு மடங்காகும்போது அகலம் கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. அகலம் சுருங்கும் வேகத்துக்கு உயரத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அதே கத்தியால் 1/x-ஐ வெட்டுங்கள். முதல் துண்டு ln 4, அதாவது சுமார் 1.386. இரண்டாவதும் ln 4. மூன்றாவதும் அதேதான். அகலம் கால் பங்காகும் ஒவ்வொரு முறையும் உயரம் சரியாக நான்கு மடங்காகிறது. துண்டின் பரப்பு குறையவே இல்லை. 1.386-ஐ முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் எந்த எண்ணிலும் நிற்காது. 1/x² இன்னும் மோசம்: முதல் துண்டு 3, அடுத்தது 12, அடுத்தது 48. பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கத் துண்டுகள் பெருத்துக்கொண்டே போகின்றன.

அவ்வளவுதான் விஷயம். உயரம் முடிவிலியா என்பது இங்கே கேள்வியே இல்லை. எந்த வேகத்தில் முடிவிலிக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

சரி, இதை முறையாக எழுதுவது எப்படி? வழக்கமான வரையறுத்த தொகை, இடைவெளி முழுவதும் வரம்புக்குள் அடங்கிய சார்புகளுக்கு உரியது. 1/√x அப்படி அடங்கவில்லை. அதனால் தொல்லை தரும் 0-வைத் தொடாமல், a என்ற சிறிய நேர்ம எண்ணில் தொடங்குகிறோம். a-இலிருந்து 1 வரையிலான பரப்பு 2 − 2√a. இப்போது a-ஐ 0-வை நோக்கி நகர்த்துகிறோம். a = 0.01 எனில் 1.8, a = 0.0001 எனில் 1.98, a = 0.000001 எனில் 1.998. எல்லை மதிப்பு 2. இந்த எல்லை மதிப்புக்குத்தான் முறையற்ற தொகை என்று பெயர். எல்லை மதிப்பு ஓர் எண்ணாக இருந்தால் தொகை ஒருங்குகிறது என்கிறோம், இல்லாவிட்டால் விரிகிறது என்கிறோம். விடைத்தாளில் `lim a→0⁺` என்ற அந்த ஒரு வரியை எழுதுவது வெறும் சடங்கு அல்ல. பூஜ்ஜியத்தில் பிரதியிடவில்லை, பூஜ்ஜியத்தை நெருங்கினோம் என்று அந்த வரிதான் சொல்கிறது.

1/√x என்பது x-இன் அடுக்கு 1/2 கீழே இருப்பது. அந்த 1/2-க்குப் பதில் p என்று வைத்து 1/x^p-ஐ a-இலிருந்து 1 வரை தொகையிட்டால் கிடைப்பது இது:

```
p ≠ 1 :  (1 − a^(1−p)) / (1 − p)
p = 1 :  −ln a
```

எல்லாம் 1 − p-இன் குறியைப் பொறுத்தது. p < 1 எனில் 1 − p நேர்மம். a சுருங்கும்போது a^(1−p) பூஜ்ஜியமாகும். விடை 1/(1 − p). p > 1 எனில் அடுக்கு எதிர்மம், a^(1−p) எகிறும், விரிகிறது. p = 1 எனில் −ln a, அதுவும் மெதுவாக முடிவிலிக்குப் போகும். ஆக, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் 1/x^p ஒருங்க வேண்டுமானால் p, 1-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும். 1-க்குச் சமமாக இருந்தால்கூட ஒருங்காது. இதுதான் p சோதனை.

ஒருங்கும் என்று தெரிந்துவிட்டாலும் அது எவ்வளவு மெதுவாக நடக்கலாம் என்பதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். p = 0.9 எனில் மொத்தப் பரப்பு 1/(1 − 0.9) = 10. ஆனால் a-ஐ ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கு, அதாவது 10⁻¹⁰-க்குக் கொண்டுபோன பிறகும் கிடைக்கும் பரப்பு 9-தான். மீதி 1, அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாத அந்த மெல்லிய இடுக்கில் ஒளிந்திருக்கிறது. p = 1-ஐ நெருங்க நெருங்க பரப்பு பூஜ்ஜியத்தின் பக்கம் இப்படித்தான் குவியும்.

இந்தச் சோதனையோடு எப்போதும் குழப்பிக்கொள்ளப்படுவது முடிவிலிப் பக்கத்துச் சோதனை. 1-இலிருந்து முடிவிலி வரை 1/x^p ஒருங்க p > 1 வேண்டும். அதாவது நேர் எதிர். மனப்பாடம் செய்தால் தேர்வன்று கட்டாயம் மாறிப்போகும். அதற்குப் பதில் x = 0.01-இல் இரண்டு மதிப்புகளை ஒப்பிடுங்கள். 1/√x அங்கே 10, 1/x² அங்கே 10,000. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் பெரிய அடுக்குதான் ஆபத்தானது. x = 100-இல் பாருங்கள். 1/√x அங்கே 0.1, 1/x² அங்கே 0.0001. தூரத்தில் சிறிய அடுக்குதான் ஆபத்து, ஏனென்றால் அது போதுமான வேகத்தில் தணிவதில்லை. 0 முதல் முடிவிலி வரை முழுவதுமாக ஒருங்கும்படி எந்த p-யும் இல்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

இதெல்லாம் தாளில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல. 1/√x-ஐக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், அடியில் ஓட்டை உள்ள ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். தண்ணீர் மட்டம் h உயரத்தில் இருக்கும்போது ஓட்டை வழியே தண்ணீர் √(2gh) வேகத்தில் வெளியேறும் என்பது இத்தாலியரான டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி. மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும். மட்டம் ஒவ்வொரு துளி இறங்கவும் ஆகும் நேரம் 1/√h-க்கு நேர்விகிதத்தில் இருக்கும். மட்டம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது இறங்கும் வேகமும் பூஜ்ஜியம் ஆகிறதே, அப்புறம் தொட்டி எப்போதாவது காலியாகுமா? கிட்டத்தட்ட மாணவர்கள் கேட்ட அதே கேள்வி இது.

ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட உருளைத் தொட்டி, அடியில் 2 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். தொட்டியின் குறுக்குப் பரப்பு ஓட்டையின் பரப்பைப்போல் 2500 மடங்கு. 1/√h-ஐ 0-விலிருந்து 1 வரை தொகையிட்டால் வரும் அந்த 2-ஐப் பயன்படுத்தினால், முழுதும் வடியும் நேரம் 2500 × √(2/9.8), அதாவது ஏறக்குறைய 1129 வினாடி. 19 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் கூர்மையான விளிம்புள்ள ஓட்டையில் தண்ணீர்த் தாரை சுருங்கியே வெளியேறும், சுமார் 0.6 பங்கு தண்ணீர்தான் போகும். அதனால் நிஜத்தில் அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். எப்படிப் பார்த்தாலும் அது முடிவுள்ள நேரம்தான்.

நாம் வெட்டிய துண்டுகளும் இங்கே அப்படியே இருக்கின்றன. மொத்த நேரத்தில் பாதி கழிந்ததும் மட்டம் கால் மீட்டருக்கு வந்துவிடும். மீதியில் பாதி கழிந்தால் வீசம், அதாவது 6.25 செ.மீ. அதிலும் பாதி கழிந்தால் கால் வீசம். பக்கவாட்டில் அளவுகோல் ஒட்டிய ஒரு கண்ணாடிப் பாத்திரமும் நிறுத்துக் கடிகாரமும் இருந்தால் வீட்டிலேயே இதைச் சரிபார்க்கலாம். மட்டம் கடைசி ஓரிரு சென்டிமீட்டருக்கு வந்ததும் சுழல் விழுந்து விதி தடுமாறும். அதற்கு முன்பு வரை பாருங்கள்.

ஓட்டைக்குப் பதிலாக மிக நீளமான, மெல்லிய குழாய் வழியே தண்ணீர் மெதுவாகக் கசிந்தால் கதை மாறும். அங்கே தண்ணீரின் பிசுக்குமையே ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், வேகம் √h-க்கு இல்லாமல் h-க்கே நேர்விகிதமாக இருக்கும். தொகையிட வேண்டியது 1/h, அதாவது p = 1. மட்டம் ஒவ்வொரு முறையும் கால் பங்காக ஒரே அளவு நேரம் ஆகும். அந்தச் சமன்பாட்டின்படி தொட்டி ஒருபோதும் முழுக்கக் காலியாகாது. p = 1/2-க்கும் p = 1-க்கும் உள்ள வேறுபாடு, காலியாகும் தொட்டிக்கும் காலியாகாத தொட்டிக்கும் உள்ள வேறுபாடு.

இனி ஒரு கணக்கு. தேர்வில் 1/x^p அப்படியே வருவது அரிது. ஏதாவது ஒரு வேஷத்தில்தான் வரும்.

```
∫ dx / (√x + x²) ,  0 முதல் 1 வரை
```

கீழே x² இருப்பதைப் பார்த்ததும் "p = 2, விரிகிறது" என்று எழுதுபவர்கள் நிறைய. x = 0.0001-ஐப் பிரதியிட்டுப் பாருங்கள். √x அங்கே 0.01, x² அங்கே 0.00000001. கூடுதலில் x² இருப்பதே தெரியவில்லை. பூஜ்ஜியத்துக்கு அருகில் சிறிய அடுக்கு உள்ள உறுப்புதான் ஆட்சி செய்யும். ஆக இந்தச் சார்பு அங்கே 1/√x போலத்தான் நடந்துகொள்கிறது; p = 1/2; ஒருங்குகிறது. இதை உறுதியாகச் சொல்ல ஒப்பீட்டுச் சோதனை போதும்: கீழே x² என்ற நேர்ம எண் சேர்ந்திருப்பதால் இந்தச் சார்பு எப்போதும் 1/√x-ஐ விடச் சிறியது. 1/√x-இன் பரப்பே 2-தான் என்றால், இதன் பரப்பு 2-ஐத் தாண்ட வழியில்லை.

வேஷம் வேறு விதமாகவும் வரலாம். 1/√(1 − x²) என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிடும்போது தொல்லை மேலெல்லையில், x = 1-இல். அங்கே 1 − x-ஐ u என்று வைத்தால் கீழே √u · √(2 − u) வரும். u சிறியதாகும்போது √(2 − u) வெறும் √2 ஆகிவிடும், மிஞ்சுவது 1/√u. ஒருங்குகிறது, விடை π/2. இப்படி, தொல்லை எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அந்தப் புள்ளியிலிருந்து உள்ள தூரத்தை வைத்துத்தான் p-ஐப் படிக்க வேண்டும். 1/sin x-ஐப் பார்த்தால், பூஜ்ஜியத்துக்கு அருகில் sin x-உம் x-உம் ஒன்றுபோல் இருப்பதால் அது 1/x, விரிகிறது. மடக்கை கலந்து வந்தால் மட்டும் கவனம் தேவை. 1/(x (ln x)²) பார்வைக்கு p = 1 போல இருந்தாலும் பூஜ்ஜியத்துக்கு அருகில் ஒருங்குகிறது. வெறும் அடுக்குகளை மட்டும் அளக்கும் p சோதனைக்கு இது எட்டாது. நேரடியாகத் தொகையிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பொறியை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1/x²-ஐ −1 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால், −1/x-இல் இரு எல்லைகளையும் பிரதியிட்டு −2 என்று விடை எழுதிவிடலாம். எங்கும் நேர்மமாக இருக்கும் ஒரு சார்புக்கு எதிர்மப் பரப்பு! தொல்லை தரும் புள்ளி ஓரத்தில் இல்லாமல் நடுவில் ஒளிந்திருக்கிறது. 0-வில் இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே சோதித்தால் p = 2, இரண்டும் விரிகின்றன. தொகையிடத் தொடங்கும் முன், இடைவெளிக்குள் எங்கே கீழ்ப்பகுதி பூஜ்ஜியமாகிறது என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் இதில் விழமாட்டோம்.

கணினியும் இதே இடத்தில் ஏமாற்றும். 0 முதல் 1 வரையிலான இடைவெளியை n சம பாகங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுப்புள்ளியிலும் உயரத்தை அளந்து கூட்டும் சிறு நிரல் இது:

```python
def mid(f, n):
    return sum(f((k + 0.5) / n) for k in range(n)) / n
```

நடுப்புள்ளியை எடுப்பதால் x = 0 வருவதே இல்லை; பிழைச் செய்தியும் வராது. 1/x-ஐக் கொடுத்து n = 100 என்றால் 6.569 என்று அமைதியாக ஓர் எண்ணைத் தரும். n = 10,000 என்றால் 11.174. இல்லாத பரப்புக்கு இரண்டு விடைகள். 1/√x-க்கு அதே இரண்டு n-களில் 1.9395, 1.9940 வரும். n-ஐ நூறு மடங்கு கூட்டும்போது முதலாவது 4.6 கூடுகிறது, இரண்டாவது 2-ஐ நோக்கி அடங்குகிறது. அதனால் ஒரே ஒரு n-ஐ வைத்து முடிவு செய்யக் கூடாது. அதற்கும் முன்பே p-ஐக் கையால் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் p = 0.99 போன்ற சார்பை எண்களை மட்டும் வைத்து 1/x-இலிருந்து பிரித்தறிவது மிகக் கடினம்.

1.9395 என்பதும் பத்தாயிரம் துண்டுகளுக்கு 1.9940 என்பதும் மந்தமான வேகம்தான். இதைச் சரிசெய்ய x = t² என்று மாற்றிப் பாருங்கள். dx என்பது 2t dt ஆகும், 1/√x என்பது 1/t ஆகும். மேலே உள்ள t-உம் கீழே உள்ள t-உம் அடிபட்டு வெறும் 2 dt மிஞ்சும். நாம் மேலே கணக்காகப் பார்த்த 1/(√x + x²) இதே மாற்றத்தில் 2/(1 + t³) ஆகிவிடும். பழைய வடிவில் n = 100 துண்டுகள் போட்டும் 1.61-தான் கிடைக்கும், புதிய வடிவில் வெறும் பத்துத் துண்டுகளில் 1.672 கிடைக்கும். உண்மை விடை 1.6713. 1/√x-க்கோ ஒரே துண்டு போதும்: அகலம் 1, உயரம் 2 கொண்ட ஒரு சாதாரணச் செவ்வகம்.